பழைய வயர்லெஸ் விசைப்பலகையும் மாற்றியும் பயனில்லாத கடவுச்சொல்லும்

ஹட்டனில் கணினி திருத்தும் எனது கடைக்குத் தொடர்பாடல் நிலையம் நடத்தும் ஒரு தம்பி அண்மையில் வந்தார். தமது வங்கிக் கணக்கில் யாரோ நுழைய முயன்றதாகச் சந்தேகித்து, கடவுச்சொல்லை இருமுறை மாற்றி, விண்டோஸையும் புதிதாக நிறுவியிருந்தார். விசைப்பலகை மட்டும் அதே பழைய வயர்லெஸ் விசைப்பலகை. நானும் முன்பு இதே தவற்றைச் செய்தவன் என்பதால் எழுதுகிறேன்.

விசைப்பலகையை விட்டுவைத்து, கடவுச்சொல்லை மாற்றுதல்

நாம் அழுத்தும் எழுத்து, யூ.எஸ்.பி.யில் செருகிய சிறிய வாங்கியை வானலையாகவே சென்றடைகிறது. வைஃபை கடவுச்சொல்லும் வங்கித் தளத்தின் பூட்டுக்குறியும் காப்பது அதற்குப் பிந்திய பயணத்தை மட்டுமே. ஆகவே எழுத்துகளை ஒரு இரகசியச் சாவியால் மறைத்து அனுப்பும் மறைகுறியாக்கம் இல்லாத விசைப்பலகையில் தட்டிய புதிய கடவுச்சொல்லும் பழையதைப் போலவே திறந்த வெளியில் செல்கிறது. ஒட்டுக்கேட்பவர் கணினியைத் தொடுவதே இல்லை என்பதால், வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு எதுவும் அகப்படாது.

2016இல் அமெரிக்காவின் பாஸ்டில் நிறுவன ஆய்வாளர்கள், எட்டு நிறுவனங்களின் மலிவு விசைப்பலகைகள் எழுத்துகளை மறைக்காமலே அனுப்புவதைக் காட்டினார்கள். நூறு டொலருக்கும் குறைந்த வானொலிக் கருவியால் ஏறத்தாழ 75 மீற்றரிலிருந்து கேட்க முடிந்தது. யாரும் தட்டாதபோதும் வாங்கி சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருப்பதால், அது இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதும் எளிது. பெட்டியில் உள்ள "10 மீற்றர்" அந்தச் சிறு வாங்கியின் எல்லையே தவிர, பெரிய அன்டெனா வைத்திருப்பவரின் எல்லை அன்று. பலகைச் சுவரால் பிரிந்த நமது கடைத்தெருவில் 75 மீற்றருக்குள் எத்தனை கடைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

கணினி வகுப்புக்காக நான் வாங்கியிருந்த ஆறு விசைப்பலகைகளும் அந்த ஆய்வாளர்களின் பட்டியலில் இருந்தன. திருத்த மென்பொருள் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தேன். அதுவரை மாற்றிய கடவுச்சொற்களையும் அவற்றிலேயே தட்டினேன். அந்த வகைச் சில்லுகளைப் புதுப்பிக்க வழியே இல்லை என்பதை அறிக்கையை முழுதாகப் படித்திருந்தால் முதல் நாளே அறிந்திருப்பேன். அதை நினைக்க இன்றும் எரிச்சல் வருகிறது.

"மறைகுறியாக்கம் உண்டு" என்பதோடு நின்றுவிடுதல்

2007இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிய 27 மெகாஹேர்ட்ஸ் விசைப்பலகைகளிலும் மறைகுறியாக்கம் இருந்தது. ஆனால் சாத்தியமான சாவிகள் 256 மட்டுமே. அத்தனையையும் கணினி நொடியில் முயன்றுவிடும். வலுவான மறைகுறியாக்க முறையான AES-128இன் பெயர் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியில் எதுவும் எழுதியிராவிட்டால்

வாங்க வேண்டாம்.

சுட்டியை மறத்தல்

அதே 2016இல் வெளியான மவுஸ்ஜாக் ஆய்வு, சுட்டியின் தொடர்பு மறைக்கப்படாத சில வாங்கிகளுக்குள் வெளியிலிருந்து போலி விசையழுத்தங்களைச் செலுத்த முடியும் என்று காட்டியது. எனவே சுட்டியும் விசைப்பலகையும் ஒரே வாங்கியில் இயங்கினால், அதற்குத் திருத்தம் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள்.

எதை வாங்குவது

பணம் கையாளும் மேசைக்குக் கம்பியுள்ளதே போதும். கம்பி வேண்டாம் எனில், இணைக்கும்போது திரையில் தோன்றும் எண்ணை விசைப்பலகையில் தட்டச் சொல்லும் புளூடூத் வகையை வாங்கி, இயங்குதளத்தைப் புதுப்பித்து வைத்திருங்கள். அந்தத் தம்பி கம்பியுள்ள ஒன்றை வாங்கிச் செருகி, பழைய வாங்கியைக் கழற்றினார். அதன் பிறகே மூன்றாவது முறையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன்.