‘கட்டணம் கட்டினீர்களா?’ என்று கேட்காதீர்கள்

மலேசியத் தொழிற்சாலைகளில் கட்டாய வேலை நடக்கிறதா என்று அறிய வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பேட்டி காணும் தணிக்கை வேலைக்குப் புதியவர்கள் வருகிறார்கள். மேற்பார்வையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரசீதை நம்புவது

என் முதல் ஆண்டில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவரிடம், “வேலைக்கு வர கட்டணம் கட்டினீர்களா?” என்று கேட்டேன். “35,400 ரூபாய் சார்” என்று ரசீதைக் காட்டினார். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று இந்திய விதி அனுமதிக்கும் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும். கணக்குச் சரி என்று படிவத்தை மூடிவிட்டேன்.

மாலையில் கேன்டீனில் அவரே சொன்னார்: “கட்டணம் அவ்வளவுதான் சார். ஊரில் அண்ணனுக்குக் கொடுத்தது தனி.” அண்ணன் என்றது உள்ளூர் ஏஜென்ட்டை. அவருக்கு 75,000. மருத்துவப் பரிசோதனை 6,000, டிக்கெட் 18,000, சென்னைக்கு அலைந்து தங்கிய செலவு 5,600. ஆக மொத்தம் 1,40,000. அதில் 1,20,000 மூன்று வட்டிக்கு வாங்கிய கடன்; மாதம் 3,600 ரூபாய் வட்டிக்கே போகிறது. இரண்டு ஆண்டில் வட்டி மட்டும் 86,400. இதில் எதுவும் என் படிவத்தில் இல்லை. இன்றும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

இந்தியச் சட்டம் ஒரு வரம்பு வைக்கிறது; பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அளவுகோல் வேறு. 1997-ஆம் ஆண்டின் 181-ஆம் உடன்படிக்கை, தனியார் ஏஜென்ட்கள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணமோ செலவோ வாங்கக் கூடாது என்கிறது. இந்தியாவும் மலேசியாவும் அதை ஏற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நம்மை அனுப்பும் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பலர் இந்த அளவுகோலைத்தான் பின்பற்றச் சொல்கிறார்கள். அதே அமைப்பில் 2018-இல் வந்த வரையறை மருத்துவப் பரிசோதனை, பயணம், தங்குமிடம், பயிற்சி ஆகியவற்றையும் கட்டணத்தோடு தொடர்புள்ள செலவாகவே எண்ணுகிறது. ரசீதை மட்டும் பார்த்து நிர்வாகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், அந்த மனிதருக்குக் கொடுத்ததில் கால் பங்குதான் கிடைக்கும்.

ஆகவே பயணத்தின் கதையைக் கேளுங்கள். முதலில் யாரைப் பார்த்தீர்கள், அங்கே என்ன கொடுத்தீர்கள், பணம் எங்கிருந்து வந்தது, இப்போது யாருக்குக் கட்டுகிறீர்கள்? நகை அடகு, நிலப் பத்திரம் எல்லாம் அப்போதுதான் வெளிவரும். ‘பணம் கட்டவில்லை’ என்று விமானம் ஏறுமுன் வீடியோவில் சொல்ல வைத்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. நேராகக் கேட்டால் அந்தப் பாடம்தான் திரும்ப வரும்.

பதினொரு அறிகுறிகளை மதிப்பெண் பட்டியலாக்குவது

கட்டாய வேலையின் அறிகுறிகள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பதினொன்றைச் சொல்கிறது. சில நேரம் ஒன்றே போதும். சில நேரம் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்னவரின் கடனைத் தனியாகப் பார்த்தால் கடன். ‘ஓடிப்போனால் பெர்மிட்டை ரத்து செய்வேன்’ என்ற மிரட்டலும், பிடித்துவைத்த இரண்டு மாதச் சம்பளமும் சேரும்போதுதான் அவர் ஏன் கிளம்ப முடியவில்லை என்பது புரிகிறது.

ஒப்பந்தத்தில் உள்ள கையெழுத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

ஏமாற்றி வாங்கியது சம்மதம் ஆகாது.

பாஸ்போர்ட் லாக்கரைப் பார்த்துத் திருப்தி அடைவது

சாவி யாரிடம் என்று கேளுங்கள். பிறகு, இரவு ஒன்பது மணிக்கு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நினைத்த நேரத்தில் தொழிலாளியால் எடுக்க முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.