முட்டைத் தோசை: முட்டையை எப்போது ஊற்றுவது?

போன ஞாயிறு தங்கச்சியின் மகன் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று முட்டைத் தோசை சுடப் பழகினான். அடுத்த மாதம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கப் போகிறான். மூன்று தோசை சுட்டான். முதலாவதில் முட்டை மாவோடு கலந்து களியாகிவிட்டது. இரண்டாவதில் முட்டை தனியாகக் கழன்று வந்தது. மூன்றாவதுதான் தோசையாக வந்தது. மூன்றுக்கும் ஒரே மா, ஒரே கல். வித்தியாசம் முட்டை ஊற்றின நேரத்தில்தான் இருந்தது. அதனால் அந்த நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் இதில் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

மா

யாழ்ப்பாணத்துத் தோசை மாவில் கோதுமை மா சேருவதால் தோசை மெதுமெதுவென்று வரும், மடித்தாலும் உடையாது. முட்டைக்கு இது நல்ல பொருத்தம். நான் ஒரு சுண்டு உளுந்தையும் ஒரு தேக்கரண்டி வெந்தயத்தையும் 4 மணித்தியாலம் ஊறவிட்டு, பட்டுப்போல அரைத்தெடுப்பேன். அதில் அவித்து அரித்த கோதுமை மா இரண்டு சுண்டும், கால் தேக்கரண்டி மஞ்சளும் போட்டுக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க விடுவேன். காலையில் உப்புப் போட்டுக் கலக்குங்கள். அகப்பையிலிருந்து ஊற்றினால் அறாமல் நாடாபோல விழவேண்டும். கட்டியாக விழுந்தால் கொஞ்சம் தண்ணீர் விடலாம்.

வழக்கமாக வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து மாவில் கொட்டுவோம். முட்டைத் தோசைக்கு மட்டும் அதை விட்டுவிடுங்கள். மாவுக்குள் துண்டுகள் இருந்தால் மேல்பக்கம் மேடு பள்ளமாகி முட்டை சீராகப் பரவாது. வெங்காயம் முட்டைக்கு மேலே வரட்டும்.

முட்டை

ஒரு தோசைக்கு ஒரு முட்டை. ஒரு சிறிய கோப்பையில் உடைத்து ஊற்றி, இரண்டு சிட்டிகை உப்பும் கால் தேக்கரண்டி மிளகு தூளும் போட்டு, வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும் வரைக்கும் மட்டும் கரண்டியால் அடியுங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம், அந்த நுரை காய்ந்து பஞ்சுபோல நிற்கும். நேரே கல்லில் உடைத்து ஊற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் பழகுகிறவர்களுக்கு அது சரிவராது. வெள்ளைக்கரு ஒரு பக்கம் ஓட, மஞ்சள்கரு நடுவில் நிற்க, அதைப் பரப்பி முடிப்பதற்குள் அடியில் தோசை கருகிவிடும்.

நாலு சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், கொஞ்சம் கறிவேப்பிலை எல்லாவற்றையும் மிகப் பொடியாக அரிந்து பக்கத்தில் வையுங்கள். மொத்தமாக அரிந்தால் வேகாது, பிரட்டும்போது விழுந்து கல்லில் கருகும்.

கல்

இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து, பாதியாக வெட்டிய வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தேயுங்கள். பிறகு விரலால் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி சட்டென்று 'சுர்' என்று வற்றினால் கல் பதம். முத்துப்போல உருண்டு ஓடினால் சூடு கூடிப்போனது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் அகப்பையோடு இழுபட்டு வரும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, சூட்டைக் குறையுங்கள்.

ஒரு அகப்பை மாவை நடுவில் ஊற்றி உள்ளிருந்து வெளியே சுற்றி, சாப்பாட்டுக் கோப்பையை விடச் சின்ன வட்டமாகப் பரப்புங்கள். மெல்லிய தாளாக இழுக்க வேண்டாம். முட்டையைத் தாங்க மாவுக்குக் கொஞ்சம் மொத்தம் வேண்டும்.

அந்த நேரம்

மா பரவியதும் முட்டைக் கோப்பையைத் தூக்க வேண்டாம், மாவையே பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மேலே சிறுசிறு துளைகள் விழத் தொடங்கும். முதலில் ஓரங்கள் மினுமினுப்பை இழக்கும். பிறகு நடுவிலும் துளைகள் திறக்கும். அங்கே மட்டும் லேசான ஈரம் மின்னும். விரல் நுனியால் நடுவைத் தொட்டால் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மா விரலில் ஒட்டி வரக்கூடாது. அதுதான் நேரம்.

என் பெறாமகன் முதல் தோசையில் மா பரவின கையோடு முட்டையை ஊற்றினான். பச்சை மாவும் முட்டையும் குழைந்து, மேலே வெந்ததுபோல இருந்தாலும் உள்ளே பிசுபிசுத்தது. "பெரியம்மா, இது தோசையோ களியோ?" என்று கேட்டான். அடுத்ததில் பயந்து, மேல்பக்கம் முழுக்கக் காயும் வரை காத்திருந்தான். துளைகள் எல்லாம் இறுகிவிட்டதால் முட்டை மேலே ஒரு தோலாகப் படிந்தது. பிரட்டியதும் முட்டை ஒரு பக்கம், தோசை ஒரு பக்கம். மூன்றாவதுக்கு நான் பக்கத்தில் நின்று, "பொறு தம்பி, பொறு... நடுவைத் தொட்டுப் பார்... ஆ, இப்ப ஊத்து" என்றேன். அந்தத் தோசையைப் பிய்த்துப் பார்த்தால் மஞ்சள் முட்டை துளைகளுக்குள் இறங்கி வேர்விட்டதுபோலப் பிடித்திருந்தது. ஈரமான துளைகளுக்குள் முட்டை இறங்கி அங்கேயே வேகிறதால்தான் அது கழன்று வராது.

ஊற்றும் அந்தக் கணமே நெருப்பைத் தணித்துவிடுங்கள். மாவைவிட முட்டைக்குக் குறைந்த சூடு போதும். முட்டையை நடுவில் ஊற்றி, சுத்தமான கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தாமல் பரப்புங்கள். மா தொட்ட அகப்பையால் பரப்பினால் அது தோசையைப் பிய்த்து இழுக்கும். ஓரத்தில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் முட்டை வழிந்து கல்லில் பிடிக்கும். பழைய முட்டை என்றால் வெள்ளைக்கரு தண்ணியாக ஓடும், அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓரம் விடுங்கள்.

இனி வெங்காயக் கலவையைத் தூவி, கரண்டியால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு மூடிபோட்டு ஒரு நிமிடம் விடுங்கள். ஆவியில் முட்டையின் மேல்பக்கம் இறுகும். மூடியைத் திறந்து கல்லின் பிடியை லேசாக அசைத்துப் பாருங்கள். முட்டை தளும்பினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தளும்பாவிட்டால் தட்டகப்பையை ஓரம் முழுக்க விட்டுக் கிளப்பி, ஒரே வீச்சில் பிரட்டுங்கள். அரை நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் முட்டை இறப்பர்போல இறுகிவிடும்.

முட்டைப் பக்கம் உள்ளே இருக்கும்படி சூட்டோடு மடித்து எடுங்கள். ஆறிய பிறகு மடித்தால் முட்டை வெடிக்கும்.

அடுத்த தோசை ஊற்ற முதல் கல்லைப் பாருங்கள். முட்டைத் துணுக்கு ஏதும் ஒட்டியிருந்தால் தட்டகப்பையால் சுரண்டி, துணியால் துடைத்து, திரும்பவும் வெங்காயத்தால் எண்ணெய் தேயுங்கள். அந்தத் துணுக்கு கருகினால் அடுத்த தோசை அந்த இடத்தில்தான் ஒட்டும். முட்டை ஊற்றக் குறைத்த நெருப்பைக் கூட்டி, கல் பழைய பதத்துக்கு வர விடுங்கள். இரண்டாவது தோசை வெளிறிப் போகிறதற்குப் பெரும்பாலும் இதை மறப்பதுதான் காரணம்.

தொட்டுக்கொள்ள, செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் கொஞ்சம் புளியும் வைத்து அம்மியில் அரைத்த கட்டிச் சம்பல் இருந்தால் போதும். அன்றைக்கு எங்கள் வீட்டில் முதல்நாள் மீன் குழம்பு மிச்சம் இருந்தது. தம்பி மூன்றாவது தோசையை அதில்தான் தோய்த்துச் சாப்பிட்டான்.