எப்போது பதில் சொல்லாமல் விடலாம்? கோ ஆட்டத்தில் தெனுகி

கோ பழக ஆரம்பித்தவர்களோடு உட்கார்ந்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். எதிராளி எங்கே கல் வைத்தாலும் அதன் பக்கத்திலேயே இவர்களும் ஒரு கல் வைப்பார்கள். அப்படி வைக்காமல், அந்த இடத்தை விட்டுவிட்டு பலகையில் வேறு எங்காவது ஆடுவதற்குப் பெயர் தெனுகி. ஜப்பானிய மொழியில் ‘தெ’ என்றால் கை, ‘நுகி’ என்றால் விலக்குவது. கையை எப்போது விலக்கலாம் என்பதை உணர்வை நம்பி முடிவு செய்ய வேண்டாம், எண்ணியே பார்க்கலாம். இரண்டாம் வரியில் மாட்டிக்கொண்ட கூட்டத்தை வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் கறுப்பு. கீழே இருப்பது பலகையின் கரை, அதாவது முதல் வரி:

```
○ ○ ○ ○ ○ ○ ○ ○ ○
○ ● ● ● ● ● ● ● ○
· · · · · · · · ·
```

முதல் படி: எதிராளி இங்கேயே இன்னொரு கல் வைத்தால் என்ன ஆகும்? மனசுக்குள் ஆடிப் பாருங்கள். வெள்ளை, இடது ஓரக் கறுப்புக் கல்லுக்கு நேர் கீழே முதல் வரியில் நுழைகிறது. நீங்கள் அதற்குப் பக்கத்தில் அடைக்கிறீர்கள். வலது ஓரத்திலும் அதே மாதிரி ஒரு நுழைவு, ஓர் அடைப்பு. இப்போது உங்களுக்கு உள்ளே மிச்சம் மூன்றே இடம், ஆட வேண்டியது வெள்ளை. அது நடுவில் வைத்தால் உங்களுக்கு இரண்டு கண், அதாவது எதிராளி கல் வைக்க முடியாத இரண்டு தனித்தனிக் காலி இடம், கிடைக்காது, கூட்டம் செத்தது. இதையே நீங்கள் முந்திக்கொண்டு ஒரு ஓரக் கல்லுக்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே நான்கு இடம் வரிசையாகக் கிடைத்திருக்கும், பிழைத்திருப்பீர்கள். ஆக ஏழு கல் இருந்தால் யார் முதலில் ஆடுகிறாரோ அவர் பக்கம்.

எட்டுக் கல் இருந்தால் கதை வேறு. வெள்ளை இரண்டு பக்கமும் நுழைந்தாலும், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னால் நான்கு இடம் மிஞ்சும். அதனால் எட்டுக்கு முன்கூட்டியே காவல் தேவையில்லை, தைரியமாக வேறு இடம் போகலாம். ஆனால் வெள்ளை ஒரு ஓரத்தில் நுழைந்த அந்த நொடி அது ஏழு கல் நிலைமை ஆகிவிடுகிறது, அப்போது பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒன்பது கல் என்றால் ஒரு நுழைவைக்கூட கண்டுகொள்ளாமல் விடலாம், அடுத்ததற்குத் திரும்ப வந்தால் போதும். ஆறு கல்? நீங்களே முதலில் ஆடினாலும் தப்பாது, அதில் மேலும் கல் போடுவது வீண்.

இரண்டாம் படி: என்ன விலை? ஏழு கல் செத்தால் பிடிபட்ட கல்லுக்கு 7 புள்ளி, அவை நின்ற இடத்துக்கு 7, கீழே இருக்கும் முதல் வரியும் வெள்ளைக்கு. பிழைத்திருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் சில புள்ளிகளும் போகும். மொத்த வித்தியாசம் 20 புள்ளிக்கு மேல். எட்டுக் கல் நிலையில், வெள்ளை வருவதற்கு முன்பே நீங்கள் காவல் போட்டால் என்ன லாபம்? ஏறக்குறைய இரண்டு புள்ளி. படத்தில் ஒரே ஒரு கல்தான் வித்தியாசம், விலையில் எவ்வளவு தூரம் பாருங்கள்!

மூன்றாம் படி: வெளியே என்ன கிடைக்கும்? இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் கொமி. முதலில் ஆடும் கறுப்புக்கு இருக்கும் சாதகத்தை ஈடுகட்ட, வெள்ளைக்கு ஜப்பானில் 6.5 புள்ளியும் சீனாவில் 7.5 புள்ளியும் கொடுக்கிறார்கள். முதல் கல்லை நீங்கள் வைப்பதற்கும் எதிராளி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 14 புள்ளி வாக்கில். ஆட்டத் தொடக்கத்தில் காலி மூலைக்கு இந்த விலை போடலாம். மூலையே காலியாக இருந்தாலும் ஏழு கல் கூட்டத்தை முதலில் காப்பாற்றுங்கள். எட்டுக் கல் கூட்டம் என்றால் இரண்டு புள்ளிக் காவலை விட்டுவிட்டு மூலைக்கு ஓடுங்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் வெளியே ஒரு புள்ளி, அரைப் புள்ளி இடங்கள்தான் மிச்சம் என்றால் அதே இரண்டு புள்ளிக் காவல்தான் பலகையிலேயே பெரிய ஆட்டம்.

இந்த எண்ணிக்கை கரையின் நடுப்பகுதிக்கு மட்டும். மூலையை ஒட்டி வரிசை தொடங்கினால் ஐந்து கல்லே இழுபறி, நான்கு சாகும், ஆறு பிழைக்கும். வரிசையில் வெட்டுப்படும் ஓட்டை இருந்தாலோ, ஒரு பக்கம் இன்னும் திறந்திருந்தாலோ, மனசுக்குள் மறுபடி ஆடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்புறம் இன்னொன்று: கையை விலக்கியபோது எந்த நுழைவைக் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்பது கல் கூட்டத்தை மூலைக்காக ஒருமுறை விட்டவர், அதே ஆட்டத்தில் முப்பது நகர்வு கழித்து வெள்ளை மறு ஓரத்தில் நுழையும்போது ‘இது ஒன்பதாச்சே’ என்று மறுபடியும் விட்டுவிடுகிறார். அது அப்போது ஏழு.