கோர்வைத் தறியைப் படமாக்கலாம் வாங்க: நெசவாளர் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம்

காஞ்சிபுரம் பட்டில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று இருக்கும் கோர்வைச் சேலையில் இரண்டுக்கும் தனித்தனி நாடா, அதாவது குறுக்கு இழையான ஊடையைச் சுமந்து இங்குமங்கும் போகும் கட்டை, ஓடும். இரு பக்கமும் கரை என்றால் மூன்று நாடா. அதனால் நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்வார். முதல் படத்துக்கு இந்த ஒரு வேலையே போதும். சாயம், பாவு, விற்பனை என்று எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

1. முதலில் பாருங்கள்

கேமராவை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். மிதி அழுந்துகிறது, நீளவாக்கில் இருக்கும் பாவு இழைகள் பிரிகின்றன, நாடாக்கள் போகின்றன, ஊடையை நெருக்கும் பலகை அடிக்கிறது. இந்தச் சுற்று மனதில் பதிந்தால்தான் அடுத்து கை எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும்.

2. செய்முறை ஷாட்டுகள்

தறிவீட்டில் டியூப்லைட் இருந்தால் 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். விளக்கை நேராகச் சேலையில் அடிக்காதீர்கள், ஜரிகை வெளுத்துப்போகும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தாலே நூலின் முறுக்கு வரை தெரியும்.

இரண்டு பேரும் தெரியும் அகலமான ஷாட், தறிக்குழிக்குள் மிதிக்கும் கால், பிறகு கரையும் உடலும் சேரும் கோடு. கடைசி ஷாட்டுக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். இரு நிற ஊடைகளும் ஒன்றையொன்று கோத்துத் திரும்புவது அங்கேதான் தெரியும். பல சுற்றுகளை வெட்டாமல் எடுங்கள். எல்லாமே தறியின் ஒரே பக்கத்திலிருந்து இருக்கட்டும். பக்கம் மாறினால் இடப்புறம் போன நாடா அடுத்த ஷாட்டில் வலப்புறம் போவதுபோல் தெரியும்.

3. தறிச் சத்தம்

இதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். பலகை அடி திடீரென்று உயரும், அதனால் உச்சம் -12 dB-யைத் தாண்டாமல் அளவை முன்பே குறைத்து வையுங்கள். மைக்கைத் தறிக்கட்டையில் சாய்த்தால் அதிர்வு ஏறி 'தும்'மென்று மட்டும் கேட்கும், நாடா சறுக்கும் ஒலி காணாமல் போகும். தறி நின்ற பிறகு அறையின் வெறும் சத்தத்தையும் ஒரு நிமிடம் பிடியுங்கள். பேச்சில் வெட்டிய இடங்களை அதை வைத்துத்தான் ஒட்ட முடியும்.

4. பேட்டி

தறியை நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டுப் பேசுங்கள். சட்டை போடாமல் நெய்பவர் என்றால் சட்டை மைக்கைத் தோள் துண்டில் குத்தலாம், ஆனால் துண்டு உரசாமல் பாருங்கள். "இந்த வேலை பிடிக்குமா?" என்று கேட்டால் "ம்" என்பதோடு முடிந்துவிடும். இப்படிக் கேளுங்கள்:

- "ஐயா, கோர்வை சரியாக விழவில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?"
- "பக்கத்தில் உட்காரும் ஆள் மாறினால் என்ன ஆகும்?"
- "இந்தச் சேலைக்குக் கூலி எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?"

அவர் நிறுத்தினாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் பொறுத்தால் அவரே தொடர்வார்.

5. எடிட்டிங்

முதலில் பேச்சை மட்டும் வரிசைப்படுத்துங்கள். அப்புறம் அவர் சொல்லும் இடத்தில் அந்த ஷாட்டை வையுங்கள். தவறைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசும்போது கரைக்கோடு, கூலி பற்றிப் பேசும்போது முகம். பேச்சின் அடியில் தறிச் சத்தத்தை மெலிதாக ஓட்டி, இடையில் ஓரிடத்திலாவது பேச்சே இல்லாமல் முழு அளவில் விடுங்கள். அங்கே இசை வேண்டாம். படத்தில் பலகை அடிக்கும் ஃபிரேமும் அடிச் சத்தமும் சரியாகச் சேர்கின்றனவா என்று ஹெட்போனில் ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.