58 வயதில் வரும் பி.எஃப்., கிராஜுவிட்டி: முதல் மூன்று மாதத்தில் நடக்கும் தவறுகள்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு 58 வயதில் பணி ஓய்வு. சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனி என்றால் கடைசி நாளிலேயே பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டும் சேர்ந்து சம்பளக் கணக்கில் விழுந்துவிடுவதுண்டு. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மட்டும் திறந்திருக்கும் ஒரு வழி இருக்கிறது. அது தெரியாமல் அதைத் தவறவிடுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 60 வயது முடிந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். 55 முதல் 60 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்களும், விருப்ப ஓய்வில் வந்தவர்களும் இதில் சேரலாம். ஆனால் ஓய்வுக்காலப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கணக்கைத் திறந்துவிட வேண்டும். ஓய்வுக்காலப் பணமாக வந்த தொகைக்கு மேல் போட முடியாது. 2023 நவம்பருக்கு முன் இந்தக் கெடு ஒரு மாதம்தான். ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம். நீங்கள் சேரும் நாளில் இருக்கும் வட்டியே ஐந்து வருடத்துக்கும் மாறாமல் வரும்.

தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 34 வருட சர்வீஸ், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 65,000 ரூபாய். கிராஜுவிட்டிக்கு அந்தத் தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். அவருக்கு 12,75,000 வருகிறது. பி.எஃப். 33,25,000. ஆக மொத்தம் 46 லட்சம்.

அவர் 30 லட்சத்தை இந்தத் திட்டத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வட்டி வரும். மாதக் கணக்கில் 20,500. ஆனால் பலர் செய்வது வேறு. “இப்போதைக்கு எஃப்.டி.யில் கிடக்கட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே மொத்தத்தையும் போட்டுவிடுகிறார்கள். எஃப்.டி.க்கு 6.75 சதவீதம் என்று வைத்தால் அதே 30 லட்சத்துக்கு வருடம் 2,02,500தான். வருடத்துக்கு 43,500 ரூபாய் குறைகிறது. 60 வயது முடிந்ததும் இந்தத் திட்டத்தில் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் இரண்டு வருட வித்தியாசமான 87,000 போயிருக்கும். அன்றைக்கு வட்டி 8.2 சதவீதமாகவே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு தவறு கம்பெனி வாசலிலேயே நடக்கிறது. பிரிவு உபசார விழா, மாலை, பேச்சு எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புகிறவர், பர்சனல் டிபார்ட்மென்டில் ஒரு சான்றிதழ் வாங்க மறந்துவிடுகிறார். 60 வயதுக்குள் சேர வேண்டுமானால் அந்தக் கடிதம் இல்லாமல் கணக்கு திறக்க மாட்டார்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன பதவி, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை வேலை, எந்த முறையில் ஓய்வு, ஓய்வுக்காலப் பணமாக என்னென்ன தொகை. விடுப்புச் சம்பளமும் ஓய்வுக்காலப் பணத்தில் சேரும் என்பதால் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். பணம் வரவான தேதி தெரிகிற பாஸ்புக் பக்கமும் கூடவே வேண்டும்.

இவற்றோடு தபால் நிலையத்துக்கோ, இந்தத் திட்டம் உள்ள வங்கிக்கோ போனால், கவுண்டரில் இருப்பவர் “60 வயசு ஆகணுமே சார்” என்றோ, “ஒரு மாசம் தாண்டிடுச்சே” என்றோ சொல்லக்கூடும். அங்கிருந்து திரும்பி வந்துவிடாதீர்கள். போஸ்ட் மாஸ்டரையோ கிளை மேலாளரையோ பார்த்து, 2019-ஆம் ஆண்டுத் திட்ட விதியையும் 2023 நவம்பர் திருத்தத்தையும் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வேறு கிளைக்குப் போய்விடுவது மேல். வாக்குவாதத்தில் நாட்கள்தான் கரையும்.

அதற்காக எல்லாவற்றையும் அதிலேயே முடக்கவும் கூடாது. ஒரு வருடத்துக்குள் கணக்கை மூடினால் வட்டியே கிடையாது, கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடத்தில் மூடினால் அசலில் ஒன்றரை சதவீதமும், அதற்குப் பிறகு ஒரு சதவீதமும் பிடித்தம். மகள் கல்யாணம், கண் ஆபரேஷன் என்று ஒரு வருடத்துக்குள் வரப்போகும் செலவுக்கான பணம் வெளியில்தான் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் மீதி 16 லட்சம் இருக்கிறது. ஒன்பது லட்சத்தைத் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போட்டால் 7.4 சதவீதத்தில் மாதம் 5,550 வரும். ஐந்து லட்சத்தை ஒரு லட்சம் வீதம் ஐந்து எஃப்.டி.யாகப் போட்டுவைத்தால், அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்றவை அப்படியே இருக்கும். இரண்டு லட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், முதல் வட்டி வரும்வரை வீட்டுச் செலவுக்கு ஆகும்.

அடுத்தது, பணம் விழுந்த ஒரே வாரத்தில் வங்கியிலிருந்து வரும் அழைப்பு. கணக்கில் 46 லட்சம் நிற்பது அவர்களுக்குத் தெரியும். ஏ.சி. அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, “எஃப்.டி. மாதிரிதான் சார், கேரண்டி உண்டு” என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். தலைப்பில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, உயரம், எடை, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது எஃப்.டி. இல்லை, இன்ஷூரன்ஸ் பாலிசி. ‘பிரீமியம் செலுத்தும் காலம்’ என்ற கட்டத்தில் ஐந்து என்றோ பத்து என்றோ எழுதியிருந்தால் இன்று கட்டும் ஐந்து லட்சத்தை அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் கட்ட வேண்டும். சம்பளமே நின்றுபோனவர் எங்கே போவார்? நடுவில் விட்டால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும்.

தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். ஸ்டாம்ப் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்த நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு போக மீதியைத் திருப்பித் தருவார்கள். கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுத்து மூலமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். விற்ற வங்கி அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு, “அடுத்த வாரம் பார்க்கலாம் சார்” என்ற பதிலை நம்பிக் காத்திருந்து 30 நாளைக் கோட்டைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ மனை வாங்குவது, தெரிந்தவருக்கு வட்டிக்கு விடுவது பற்றியும் கேட்பீர்கள். மனை வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் வில்லங்கம் பார்த்துப் பத்திரம் பதிவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும், அதனால் சேமிப்புத் திட்டக் கணக்கை முதலில் திறந்துவிடுங்கள். வட்டிக்கு விடுவதை ஓய்வுக்காலப் பணத்தில் செய்யவே வேண்டாம் என்பேன். புரோநோட்டு கையில் இருந்தாலும் கோர்ட்டுக்குப் போய்த்தான் வசூலிக்க வேண்டியிருக்கும். அதற்கும் மூன்று வருடம்தான் கெடு.

கணக்குத் திறக்கும்போது மனைவியைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேருங்கள். அவருக்கு வயது வரம்பு இல்லை. உங்களுக்குப் பிறகு, இந்தத் திட்டத்தில் சேரும் தகுதி அன்று அவருக்கு இருந்தால், அவர் அதே வட்டியில் முதிர்வுவரை கணக்கைத் தொடரலாம். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.