பேரேட்டோடு ஒரு சதம் உதைக்கிறதா? முதலில் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடை, ரொறன்ரோவுக்குப் பனங்கட்டியும் ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் கனேடிய டொலரில், பேரேடு ரூபாயில். எக்ஸெல் காட்டும் மொத்தமும் பேரேட்டு மொத்தமும் ஒரு சதத்தால் விலகி நிற்கும். உடனே "மட்டந்தட்டல்" என்று ஒரு கணக்கைத் திறந்து அதற்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. ஏனென்றால் அதே கணக்குக்குள் பிறகு மூன்று ரூபாயும் போகும், அறுபது ரூபாயும் போகும், அவை மட்டந்தட்டலால் வந்தவையே அல்ல.

கணக்கைப் போட்டே பார்ப்போம். பொருட்கள் 10.50, 11.50, 23.50 டொலர், மொத்தம் 45.50. வீதத்தை உதாரணத்துக்கு 217.4508 என்று எடுப்போம். பெருக்கினால் 2283.2334, 2500.6842, 5110.0938 ரூபாய் வரும். பேரேட்டில் எழுதுபவர் சதத்தோடு நிறுத்தி 2283.23, 2500.68, 5110.09 என்று பதிவார், கூட்டினால் 9894.00. எக்ஸெலில் இரண்டு தசம தானம் தெரியும்படி வைத்திருந்தால் திரையிலும் அதே மூன்று எண்கள்தான் தெரியும், ஆனால் அடியில் மொத்தம் 9894.01 என்று நிற்கும். திரையில் தெரிவதை மட்டும்தான் அந்த அமைப்பு சுருக்குகிறது, உள்ளே இருக்கும் நான்கு தானமும் அப்படியே இருந்து கூட்டலுக்குள் போகின்றன. கல்குலேட்டரால் கூட்டிப் பார்க்கிறவருக்கு எக்ஸெல் பிழையாகக் கூட்டியது போலத்தான் இருக்கும்.

B2-இல் டொலர் தொகை, E1-இல் வீதம் என்றால், ஒவ்வொரு வரியிலும் மதிப்பையே மட்டந்தட்டிவிட்டால் சரி:

```
=ROUND(B2*$E$1,2)
```

பேரேடு வரி வரியாகப் பதியப்பட்டால் இப்படிச் செய்யுங்கள். பில்லுக்கு ஒரே பதிவுதான் என்றால் டொலர் மொத்தத்தைப் பெருக்கி ஒருமுறை மட்டும் மட்டந்தட்டுங்கள். இரண்டுமே சரியான முறைதான், ஆனால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றது என்று வைத்தால் உதைக்கத்தான் செய்யும். `Set precision as displayed` என்ற தெரிவை மட்டும் தொடாதீர்கள், அது சேமித்த எண்களையே நிரந்தரமாக வெட்டிவிடும்.

இன்னொன்று, மேக்ரோ வைத்திருப்பவர்களுக்கு. 37.50 டொலர் இதே வீதத்தில் 8154.405 ரூபாய். சரியாகப் பாதியில் நிற்கும் எண்ணை எக்ஸெலின் `ROUND` மேலே தள்ளி 8154.41 ஆக்கும். VBA-வின் `Round` இரட்டை எண் பக்கம் போகிற விதியைப் பின்பற்றுவதால் 8154.40 என்று தரும். ஒரே கோப்புக்குள்ளேயே இரண்டு விதி.

இதுவரை சொன்னவற்றால் வரும் வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. வரிக்கு அதிகபட்சம் அரைச் சதம், எனவே 40 வரி உள்ள பில்லில் எப்படிப் போனாலும் 20 சதத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும், பெரும்பாலும் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று அடித்து அதைவிடக் குறையும். பில் எத்தனை இலட்சம் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

பில் பெருக்க வித்தியாசமும் பெருகுகிறதா? அப்படியென்றால் வீதத்தைத்தான் யாரோ வெட்டியிருக்கிறார்கள். 217.4508-ஐ 217.45 என்று தட்டினால் 45.50 டொலருக்கு 3 சதம்தான் விலகும், 4,550 டொலருக்கு அது 3.64 ரூபாய். இதைவிட மோசமானது வீதத்தைத் தலைகீழாக வைப்பது. ஒரு ரூபாய்க்கு எத்தனை டொலர் என்று சில மென்பொருட்கள் கேட்கும், 0.0045987 என்று போட வேண்டிய இடத்தில் நான்கு தானம்தான் இடம் கொடுக்கும், 0.0046 என்று போய் உட்காரும். 45.50-ஐ அதால் வகுத்தால் 9891.30, இந்தச் சின்னப் பில்லுக்கே 2.71 ரூபாய் குறைகிறது. வித்தியாசத்தை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். எல்லாப் பில்லிலும் ஏறக்குறைய ஒரே விகிதம் வந்தால் சந்தேகமே வேண்டாம், வீதத்தைப் போய்ப் பாருங்கள்.

அப்புறம் அந்த அறுபது ரூபாய். பில் போட்ட நாளில் 217.4508, காசு வங்கிக்கு வந்த நாளில் வங்கி வாங்கும் வீதம் 216.10 என்றால் கையில் வருவது 9832.55. குறைந்த 61.46 ரூபாய் உண்மையான நட்டம், இலங்கைக் கணக்கீட்டு நியமம் LKAS 21-இன்படி நாணயமாற்று நட்டமாக இலாபநட்டத்துக்குப் போக வேண்டும். இதை மட்டந்தட்டல் கணக்கில் போட்டால் டொலர் இறங்கியதால் இந்த வருடம் எவ்வளவு போனது என்று கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு பில்லிலும் டொலர் தொகை, முழு வீதம், அந்த வீதத்தின் திகதி மூன்றையும் பேரேட்டு வரியிலேயே எழுதி வையுங்கள். மட்டந்தட்டல் கணக்குக்கு வரிக்கு அரைச் சதத்துக்கு மேல் எதையும் விடாதீர்கள்.