நாளிதழ் ஆசிரியருக்கு ஆங்கிலக் கடிதம்: வரைவைச் சீராக்கிய விதம்

ராமநாதபுரம் கடலோரத்தில் எங்கள் தெரு வாய்க்காலை மணல் அடைத்து, மீன் கழுவிய நீர் தேங்கியது. இதைப் பற்றி நாளிதழுக்கு அனுப்பத் தெருக்காரர்கள் தயாரித்த வரைவில் அதிகாரிகளைக் குறித்து 'கரப்ட்' என்றொரு சொல். நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டை அச்சிட்டால் அவதூறு வழக்கு ஆசிரியர் மீதும் வரலாம் என்பதால் அதை நீக்கினேன்.

'சர்' என்ற விளிக்குப் பின் முதல் வாக்கியத்திலேயே தெருவும் அடைப்பும். அடுத்து, மனு கொடுத்த தேதி. 'தே டிட் நத்திங்' என்றிருந்ததை 'நோ ஆக்‌ஷன் ஹேஸ் பீன் டேக்கன் ஸோ ஃபார்' என்று மாற்றினேன். செயப்பாட்டு வினை யாரையும் சுட்டாது. ஆனாலும் குறை அப்படியே நிற்கும். 'ஸோ ஃபார்' இனியாவது செய்ய இடம் கொடுக்கும்.

கடைசியில் ஒரே கோரிக்கை: வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் மணலை அள்ள வேண்டும். 'வீ ரிக்வெஸ்ட்' போதும்; வரிக்கு வரி 'கைண்ட்லி' போட்டால் கெஞ்சலாகிவிடும். கீழே பெயர், முகவரி, கைபேசி எண்.